கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆயிரம் ரூபாய்

“அடிப்படை உரிமைகளைப் புரட்டிப் பாருங்கள், ‘பத்திரிகை’ என்ற சொல்லே இல்லை. இல்லாத சுதந்திரத்துக்கு இத்தனை ஆரவாரமா?” இது எதிரணி நண்பர் கேட்டது.

நடுவர் அவர்களே, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம்.

கைதட்டினீர்கள். நண்பர் சொன்னது பாதி சரி. அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவில் பேச்சுரிமை உண்டு, பத்திரிகையின் பெயர் இல்லை. மீதிப் பாதியை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். 1950-இல் பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழை அன்றைய சென்னை மாநில அரசு உள்ளே விட மறுத்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். கருத்தை அச்சடிக்கலாம், ஆனால் மக்கள் கைக்குப் போகக்கூடாது என்றால் அது என்ன பேச்சுரிமை? தடை செல்லாது என்றது நீதிமன்றம். குடியரசுக்கு அப்போது வயது நான்கு மாதம், ஐயா!

எதிரணி அம்மா, தன் தெருக்குழாய் வறண்டதை எந்தப் பத்திரிகையும் போடவில்லை என்று வருந்தினார். நியாயமான வருத்தம். போடாதவரைக் கேளுங்கள் அம்மா, போடுகிறவர் கையைக் கட்டச் சொல்லாதீர்கள்.

முன்வரிசை மாணவி ஒருத்தி, “கோர்ட் சொன்னால்தானே ஜெயில்?” என்றாள். இல்லை மகளே. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு. மேடையில் இருவர். யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி? பிக்பாக்கெட் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் போல இருப்பவர் மந்திரி. அவ்வளவுதான்! சட்டமன்றம் கொதித்தது. மன்னிப்புக் கேள் என்றது. ஆசிரியர் பாலசுப்ரமணியன் கேட்கவில்லை. சட்டமன்றத்தின் உரிமை மீறல் என்று மூன்று மாதக் கடுங்காவல்! வழக்கு இல்லை, வக்கீல் இல்லை. புண்பட்டவர்களே தீர்ப்பும் எழுதினார்கள். எந்த ஊரிலாவது அடிபட்டவனே நடுவராக உட்கார்வானா, நடுவர் அவர்களே?

நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களில் விட்டார்கள். அவர் விடவில்லை, வழக்குத் தொடர்ந்தார். 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் கைது தவறு என்று சொல்லி ஆயிரம் ரூபாய் இழப்பீடு தந்தது. அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார். ஆனால் எது உரிமை மீறல் என்று வரையறுக்கும் சட்டம் இன்றும் வரவில்லை, பிள்ளைகளே.

அந்த 1987-இல் நானும் பத்தாம் வகுப்பு. என் அப்பா சைக்கிளில் பேப்பர் போட்டவர். அந்த வாரம் எழுதப் படிக்கத் தெரியாத என் ஆத்தாவுக்குத் திண்ணையில் உட்கார்ந்து செய்தியைப் படித்துக் காட்டினார். “சிரிக்க வச்சதுக்கா ஜெயிலு?” என்று கேட்டது ஆத்தா. மறுநாள் விடியற்காலையில் அப்பா கட்டைப் பிரிக்கும் முன்பே வாசலில் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. முகம் தெரியாத ஒரு மனிதருக்காக அது கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“அந்தப் பிள்ளைய விட்டுட்டாங்களாப்பா?”