லாப்லாஸ் கணக்கு எந்த வரியில் உடைகிறது? வீட்டிலிருந்து கணிதம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

வணக்கம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து பேசுகிறேன். பொறியியல் பட்டம் முடித்த பிறகு, வீட்டு விறாந்தையில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, டிப்ளோமா மாணவர்களுக்கும் பொறியியல் பீட மாணவர்களுக்கும் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இதே வேலையைத் தொடங்க விரும்பும் பட்டதாரிகள் பலர், வருகின்ற மாணவருக்கு எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். அதற்கு இன்று ஒரே ஒரு கணக்கை முழுமையாகச் செய்து காட்டிப் பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் யார் வருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்துவிட்டுக் கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போனவர்கள் ஒரு வகை. இவர்கள் வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது நேரிலும், மற்ற நாட்களில் சூமிலும் படிக்கிறார்கள். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்துவிட்டு டிப்ளோமாவுக்குச் சேர்ந்தவர்கள் இன்னொரு வகை. இவர்களுடைய பாடத்திட்டத்தில் இணைந்த கணிதம் அளவுக்கு அட்சரகணிதப் பயிற்சி இருக்கவில்லை. ஆனால் டிப்ளோமாவுக்குள் நுழைந்த பிறகு வகையீட்டுச் சமன்பாடும் லாப்லாஸ் உருமாற்றமும் இவர்களையும் விடுவதில்லை. இரண்டு வகையினரும் "அக்கா, எனக்கு லாப்லாஸ் விளங்கவில்லை" என்ற ஒரே வசனத்துடன்தான் வருகிறார்கள். உடைந்திருக்கும் இடமோ ஆளுக்கு ஆள் வேறாக இருக்கிறது. ஆகவே முதல் வகுப்பில் நான் எதையும் கற்பிப்பதில்லை. ஒரு கணக்கைப் பலகையில் எழுதி, மாணவரிடம் பேனாவைக் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்யும்படி கேட்கிறேன்.

கணக்கு இதுதான். ஒரு கிலோகிராம் திணிவு ஒன்று சுருள்வில்லுடனும் தணிப்பியுடனும் இணைக்கப்பட்டு ஓய்வில் இருக்கிறது. திடீரென்று அதன்மீது மாறாத விசை ஒன்று தாக்கத் தொடங்குகிறது. இடப்பெயர்ச்சி y என்றால்,

y'' + 4y' + 13y = 13, y(0) = 0, y'(0) = 0

இரண்டு ஆரம்ப நிபந்தனைகளும் பூச்சியம் என்பதால் உருமாற்றம் எடுப்பது சுலபம்.

Y(s) = 13 / [s(s² + 4s + 13)]

இந்த வரி வரை ஏறக்குறைய எல்லோரும் வந்துவிடுகிறார்கள். அட்டவணையைப் பார்த்து y''-க்கு s²Y என்றும் y'-க்கு sY என்றும் எழுதுவதற்குப் பெரிய முயற்சி தேவையில்லை. அதாவது, லாப்லாஸ் உருமாற்றம் என்று சொல்லத்தக்க பகுதி இங்கேயே முடிந்துவிடுகிறது. இதற்குப் பிறகு இருப்பது பகுதிப் பின்னமும் வர்க்கத்தைப் பூர்த்தியாக்குவதும்தான். லாப்லாஸ் விளங்கவில்லை என்று வந்தவர் தடுமாறுவது இந்த இரண்டில் ஒன்றில்தான் என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவருக்கு உருமாற்றத்தின் வரைவிலக்கணத்திலிருந்து மறுபடியும் பாடம் நடத்தினால், அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பகுதியில் நேரம் போய்விடும்; தெரியாத பகுதி தெரியாததாகவே இருக்கும்.

அண்மையில் வந்த ஒரு டிப்ளோமா மாணவர் அடுத்த வரியை இப்படி எழுதினார்:

13 / [s(s² + 4s + 13)] = A/s + B/(s² + 4s + 13)

இது மிகவும் பரவலான பிழை. பகுதி ஒருபடியாக இருக்கும்போது தொகுதியில் ஒரு மாறிலி போதும் என்பதை அவர் சரியாகவே மனத்தில் வைத்திருக்கிறார். பகுதி இருபடியானால் தொகுதி Bs + C என்று இருக்க வேண்டும் என்பது மட்டும் அவரிடம் இல்லை. இதை நான் உடனே திருத்துவதில்லை. அவர் எழுதிய வடிவத்தையே வைத்துக்கொண்டு மேலே செய்யச் சொல்கிறேன். இரு பக்கத்தையும் பெருக்கினால் 13 = A(s² + 4s + 13) + Bs என்று வருகிறது. s²-இன் குணகத்தைப் பார்த்தால் A பூச்சியமாக வேண்டும். மாறிலியைப் பார்த்தால் A ஒன்றாக வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்க முடியாது என்பதை மாணவர் தன் கையாலேயே எழுதிப் பார்த்த பிறகு, Bs + C எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை நான் தனியாக விளக்க வேண்டியிருப்பதில்லை.

சரியான வடிவத்தில் 13 = A(s² + 4s + 13) + s(Bs + C). இங்கே s-க்குப் பூச்சியத்தைப் பிரதியிட்டால் A = 1. s²-இன் குணகத்திலிருந்து B = −1. s-இன் குணகத்திலிருந்து C = −4. ஆகவே,

Y(s) = 1/s − (s + 4)/(s² + 4s + 13)

இந்த இடத்தில் கணக்கை நிறுத்திச் சரிபார்க்கும் பழக்கத்தை எல்லா மாணவரிடமும் கட்டாயமாக்கியிருக்கிறேன். s-க்கு ஒன்றைப் பிரதியிடுங்கள். ஆரம்ப வடிவம் 13/18 தருகிறது. பிரித்த வடிவம் 1 − 5/18, அதுவும் 13/18. ஓர் எண் பொருந்துவது முழு நிறுவல் ஆகாது. ஆனாலும் பரீட்சையில் நடக்கும் பெரும்பாலான குறிப் பிழைகள் இந்த ஒரு பிரதியிடலில் வெளியே வந்துவிடும், அதற்கு ஒரு நிமிடம்கூடச் செல்லாது.

இனி வர்க்கத்தைப் பூர்த்தியாக்க வேண்டும். s² + 4s + 13 = (s + 2)² + 9. சிலர் 4-ஐக் கழிக்க மறந்து (s + 2)² + 13 என்று எழுதுகிறார்கள். இதைப் பிடிப்பதற்குக் கல்குலேட்டர் உதவும். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வசதியுள்ள கல்குலேட்டரில் 1, 4, 13 என்ற குணகங்களைக் கொடுத்தால் −2 ± 3i என்று மூலங்கள் கிடைக்கும். மெய்ப் பகுதியான −2 விடையில் e^(−2t) என்றும், கற்பனைப் பகுதியான 3 விடையில் cos 3t, sin 3t என்றும் வந்தாக வேண்டும். உங்கள் மாணவருடைய நிறுவனம் பரீட்சை மண்டபத்தில் எந்தக் கல்குலேட்டரை அனுமதிக்கிறது என்பதை மட்டும் முதலே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உருமாற்ற அட்டவணையை வினாத்தாளுடன் தருவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அட்டவணை தரப்படாவிட்டால் மனனம் செய்வதற்கும் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

இப்போது வருவது இந்தக் கணக்கின் மிக நுட்பமான இடம். இணைந்த கணிதத்தில் நல்ல சித்தி பெற்றவர்கள்கூட இங்கே தவறுகிறார்கள். (s + 4)/[(s + 2)² + 9] என்பதைப் பார்த்தவுடன், s இருப்பதால் கோசைன், 4 இருப்பதால் சைன் என்று பிரித்து, e^(−2t)[cos 3t + (4/3) sin 3t] என்று எழுதிவிடுகிறார்கள். பகுதியில் s இரண்டால் நகர்ந்திருக்கிறது. ஆகவே தொகுதியையும் அதே நகர்வில் எழுத வேண்டும். s + 4 என்பது (s + 2) + 2. கோசைனுக்குப் போவது s + 2, சைனுக்கு மிஞ்சுவது 2 மட்டுமே. எனவே சரியான விடை,

y = 1 − e^(−2t)[cos 3t + (2/3) sin 3t]

தவறான விடையையும் சரியான விடையையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்பேன். மாணவர் முதலில் t-க்குப் பூச்சியத்தைப் பிரதியிடுவார். இரண்டிலும் y(0) = 1 − 1 = 0 என்று வரும். ஒரு நிபந்தனையைச் சரிபார்த்துவிட்டுத் திருப்தியடைந்த மாணவர் இங்கேதான் புள்ளிகளை இழக்கிறார். இரண்டாவது நிபந்தனையான y'(0)-ஐயும் பார்க்க வேண்டும். சரியான விடையை வகையிட்டு t = 0 பிரதியிட்டால் 2 − 2 = 0. தவறான விடையில் 2 − 4 = −2. ஓய்விலிருந்த திணிவு, முதற்கணத்திலேயே, விசைக்கு எதிர்த்திசையில் வேகத்துடன் புறப்படுகிறது என்று அந்த விடை சொல்கிறது. இதைக் கேட்டவுடன் மாணவரின் முகத்தில் தெரியும் தெளிவுக்காகவே இந்தக் கணக்கை நான் தெரிந்தெடுத்தேன்.

பொறியியல் பீட மாணவர்களிடம் நான் காணும் குறை இதற்கு வேறானது. அவர்களுடைய கை வேகமாக ஓடுகிறது, விடையும் பெரும்பாலும் சரியாக வருகிறது. ஆனால் வந்த விடை எதைச் சொல்கிறது என்று கேட்டால் மௌனமாக இருக்கிறார்கள். ஆகவே அவர்களிடம் பேனாவைக் கொடுப்பதற்கு முன்பே வரைபைக் கேட்கிறேன். நீண்ட நேரத்துக்குப் பிறகு திணிவு எங்கே நிற்கும்? அசைவு நின்ற பிறகு y''-உம் y'-உம் பூச்சியம்; ஆகவே 13y = 13, y = 1. வழியில் அந்த இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருமா? மூலங்கள் சிக்கலெண்களாக இருப்பதால் ஆம், 1-ஐக் கடந்து அலைந்து அடங்கும். t = 2 ஆகும்போது e^(−4) ஏறக்குறைய 0.018 ஆகிவிடுவதால் அலைவு அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்ந்துவிடும். இவ்வளவையும் லாப்லாஸைத் தொடாமலே சொல்லக்கூடிய மாணவர், பின்னர் கட்டுப்பாட்டுத் தொகுதிகள் என்ற பாடத்துக்குப் போகும்போது அங்கே புதிதாகத் திகைப்பதில்லை.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வைப்பது மூன்று நான்கு பேர் கொண்ட குழுவுக்குத்தான் பொருந்தும். நம் ஊரில் உயர்தரத்துக்கு நடப்பது போன்ற பெரிய மண்டப ரியூசனில் இதைச் செய்யவே முடியாது. குழுவைப் பெருப்பித்து வருமானத்தைக் கூட்ட நினைப்பவர்கள் இதை இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. டிப்ளோமா மாணவரையும் பீட மாணவரையும் ஒரே குழுவில் இருத்துவதையும் நான் விரும்புவதில்லை, ஏனென்றால் ஒருவருக்கு வேண்டியது பகுதிப் பின்னம், மற்றவருக்கு வேண்டியது வரைபு. மாணவருடைய ஒப்படைகளைச் செய்துகொடுக்கும்படி கேட்டு வருபவர்களை நான் ஏற்பதில்லை. அதே வகைக் கணக்கை வேறு எண்களுடன் செய்து காட்டலாம். மாணவரின் பெயரில் போகும் தாளில் நம் எழுத்து இருக்கக்கூடாது.

வீட்டுப் பயிற்சியாக 13 என்ற எண்ணை மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன்: y'' + 4y' + 3y = 3, ஆரம்ப நிபந்தனைகள் அதேதான். இப்போது மூலங்கள் −1, −3, அலைவே இருக்காது. பகுதி முழுவதும் ஒருபடிக் காரணிகளாக உடைவதால் மாறிலிகள் மட்டுமே தொகுதியில் போதும், விடை 1 − (3/2)e^(−t) + (1/2)e^(−3t). மாணவர் கணக்கைத் தொடங்குவதற்கு முன் வரைபின் வடிவத்தை ஒரு வசனத்தில் எழுத வேண்டும். முடித்த பிறகு y(0), y'(0) இரண்டையும் சரிபார்த்த வரிகளுடன் தாளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அந்தச் சரிபார்த்த வரிகள் இல்லாத தாளை, விடை சரியாக இருந்தாலும், நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.