சோலி முடிந்த கதை

“ஒரு சொல்லுக்கு அரைப்பக்கம் எழுதினால் நோட்டுதான் நிறையும், தலை நிறையாது. பொருள் ஒன்று போதும்!” (எதிரணித் தலைவர்)

நடுவர் ஐயா, கோயில் கொடைக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

புதுச் சொல்லை நோட்டில் எழுதும்போது பொருள் மட்டும் போதுமா, அது வந்த வாக்கியமும் வேண்டுமா என்பதுதான் இன்றைய வழக்கு. பொருள் போதும் என்கிறார் எதிரணித் தலைவர். அண்ணாச்சி, நம்ம டவுனில் ஒரு வங்கிக்குப் பீகாரிலிருந்து ஒரு தம்பி அதிகாரியாக வந்தார். தமிழ் கற்கும் ஆசையில் சட்டைப்பையில் எப்போதும் ஒரு நோட்டு. நீங்கள் சொன்ன மாதிரியேதான் எழுதினார். சோலி, பக்கத்தில் ‘வேலை’. பொருள் முழுக்கச் சரி. மறுநாள் ஒரு ஆச்சி பென்ஷன் வாங்க வந்தார். பணத்தை எண்ணிக் கொடுத்த தம்பி, சிரித்த முகத்தோடு சொன்னார்: “ஆச்சி, உங்க சோலி முடிஞ்சுது!”

நீங்கள் சிரிக்கிறீர்கள், ஆச்சி சிரிக்கவில்லை. கூட வந்த பேரன் கவுண்டர் மேல் ஏறப் பார்த்தான். ஆச்சிக்குக் காது கேட்கவில்லை போல என்று நினைத்த தம்பி, வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி சத்தமாக மறுபடியும் சொன்னார்: “உங்க சோலி முடிஞ்சுது, ஆச்சி!” ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டார். “எய்யா, பேத்தி கல்யாணத்தையாவது பாத்துக்கிடுதேன்யா!”

அன்று மதியம் கேஷியர் அம்மா அந்த நோட்டை வாங்கி எழுதிக் கொடுத்தார். ‘சோலி கிடக்கு’ என்றால் யாரிடமும் சொல்லலாம். ‘உன் சோலியப் பாரு’ என்றால் சண்டை. ‘சோலி முடிஞ்சுது’ என்றால் ஆள் காலி, பெரியவர்களிடம் சொல்லவே கூடாது. இது அரைப்பக்கமா அண்ணாச்சி? மூன்றே வரி!

அடுத்த பக்கத்தில் ‘பேசு’. “மருமக எங்கிட்டப் பேசினா” என்றால் உரையாடல். “மருமக என்னைப் பேசிட்டா” என்றால் ஏச்சு. வினை ஒன்றுதான், முன்னால் வரும் உருபு மாறினால் உறவே மாறுகிறது. அதனால்தான் சொல்லை அது வந்த வாக்கியத்தோடு, யார் யாரிடம் சொன்னது என்பதோடு எழுதச் சொல்கிறேன். ஒரு வாரம் கழித்துப் பொருளை மூடிவிட்டு அந்தச் சொல்லில் புதிதாக ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். பொருள் தெரிந்தும் வாக்கியம் வரவில்லையா? குறிப்பு பற்றவில்லை, மறுபடி கேட்டு எழுதுங்கள்.

கண்ணில் பட்ட சொல்லையெல்லாம் இப்படி எழுதினால் அலுத்துப்போகும் என்று அண்ணாச்சி சொன்னது நியாயம். நாம் வாயில் எடுக்கப்போகும் சொல்லுக்கு மட்டும் எழுதலாம்.

என் நோட்டில் ‘கடவம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பெரிய பனையோலைப் பெட்டி, பொருள் அவ்வளவுதான். கீழே எழுதியிருக்கிறேன்: “கடவத்தக் கொஞ்சம் தூக்கி விடுல, நெல்லு காஞ்சிட்டு. அம்மா, களத்தில்.” அம்மா இப்போது இல்லை. பொருளை எந்த அகராதியிலும் தேடி எடுத்துக்கொள்வேன், நடுவர் ஐயா. அம்மா என்னை ‘ல’ போட்டுக் கூப்பிட்டதை எங்கே போய்த் தேடுவேன்? அந்த வரி வேண்டாம் என்கிறது எதிரணி. நான் அழிக்க மாட்டேன். வணக்கம்.