பதின்மூன்றாவது புளியங்கொட்டை

(மயிலாப்பூரில் ஒரு ஞாயிறு மாலை, பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம்.

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, திருமயிலையில் இறங்கி இங்கே வந்தேன். வரும் வழியில் என்னைச் சுற்றி இருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். என்னையும் சேர்த்து 13 பேர். ஒருவரையும் எனக்குத் தெரியாது, யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் அந்த 13 பேரில் குறைந்தது இரண்டு பேர் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள் என்று என்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியும். இருக்கலாம் என்றல்ல, இருந்தே தீர வேண்டும். இந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

மேசை மேல் இருப்பது எங்கள் பாட்டி வீட்டுப் பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழாக மொத்தம் 14 குழிகள். ஓரத்துக் குழிகள் இரண்டைக் காகிதம் ஒட்டி மூடிவிட்டேன். மீதி 12. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாக்பீஸால் ஒரு மாதத்தின் பெயர் எழுதியிருக்கிறேன். இந்தக் கிண்ணத்தில் 13 புளியங்கொட்டை இருக்கின்றன. ஒரு கொட்டை ஓர் ஆள். ஏழாம் வகுப்பில் யாராவது இருந்தால் மேடைக்கு வாருங்கள்.

வாம்மா. எந்தக் குழியிலும் இரண்டு கொட்டை விழாமல் எல்லாவற்றையும் போட வேண்டும். அவசரமே இல்லை, நிதானமாகப் போடு.

(அந்தப் பெண் ஜனவரியில் தொடங்கி வரிசையாகப் போட்டாள். டிசம்பர் குழியில் போட்ட பிறகு கையில் ஒரு கொட்டை மிஞ்சியது. பலகையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். “வேற குழி இல்லையே சார்” என்றாள்.)

வேறு குழி இல்லை. அவள் சொன்னதுதான் முழு நிரூபணம். அதையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் யாருக்காவது ஒரு சந்தேகம் வரலாம். இந்தப் பெண் ஒரு விதமாகப் போட்டாள். கெட்டிக்காரர் ஒருவர் வேறு விதமாகப் போட்டால் தப்பித்துவிட மாட்டாரா? 13 பேரை 12 மாதங்களில் வைக்க மொத்தம் 12-ஐ 13 தடவை பெருக்கிய அளவு வழிகள் இருக்கின்றன. சுமார் 107 லட்சம் கோடி. அத்தனையையும் போட்டுப் பார்க்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. யாரோ ஒருவர் தப்பித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அவருடைய பலகையில் எந்தக் குழியிலும் ஒன்றுக்கு மேல் இல்லை. குழிகள் 12. ஆக, பலகையில் இருக்கும் கொட்டைகள் அதிகபட்சம் 12. ஆனால் நாம் கொடுத்தது 13. ஒரு கொட்டை எங்கே போனது? பதில் இல்லை. எனவே அப்படித் தப்பிக்கும் வழி அந்த 107 லட்சம் கோடியில் ஒன்றுகூடக் கிடையாது.

இதற்குப் புறாக்கூண்டுத் தத்துவம் என்று பெயர். புறாக்கள் மாடங்களைவிட அதிகமாக இருந்தால் ஏதோ ஒரு மாடத்தில் இரண்டு புறா ஒண்டித்தான் ஆக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த டிரிஷ்லே என்ற கணித அறிஞர் இதை எண் கணிதத்தில் நன்றாகப் பயன்படுத்தினார். ஜெர்மன் மொழியில் இதற்கு இழுப்பறைத் தத்துவம் என்று பெயர். நமக்குப் பல்லாங்குழி போதும்.

சரி, கொட்டையை விட்டு மனிதர்களிடம் வருவோம். முன் வரிசையில் சரியாக 13 நாற்காலி போடச் சொல்லியிருந்தேன். இடது கோடியிலிருந்து ஒவ்வொருவராகப் பிறந்த மாதத்தைச் சொல்லுங்கள்.

(அக்டோபர். ஜூன். பிப்ரவரி. ஜூன்.)

நாலாவது ஆளிலேயே கிடைத்துவிட்டது! உடனே ஒரு கேள்வி எழ வேண்டும். நாலு பேரிலேயே வரும்போது 13 எதற்கு?

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ‘வரக்கூடும்’ என்பது வேறு, ‘வந்தே தீரும்’ என்பது வேறு. எல்லா மாதங்களிலும் ஒரே அளவில் குழந்தைகள் பிறப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், நாலு பேரில் இருவருக்கு மாதம் ஒத்துப்போக 100-க்கு சுமார் 43 வாய்ப்பு. ஐந்து பேர் என்றால் 62. அதாவது ஐந்து பேர் கூடினாலே, ஒத்துப்போகும் என்ற பக்கம்தான் தராசு சாய்கிறது. எட்டுப் பேர் என்றால் 95-ஐத் தாண்டுகிறது. 12 பேர் கூடி ஒவ்வொருவரும் வெவ்வேறு மாதமாக இருப்பது, இப்படிப்பட்ட 18,600 கூட்டங்களில் ஏறக்குறைய ஒன்றில்தான் நடக்கும். அவ்வளவு அபூர்வம். ஆனாலும் நடக்க முடியும். சற்று முன் அந்தப் பெண் 12-ஆவது கொட்டையைப் போட்டபோது பலகை அப்படித்தானே இருந்தது? 13-ஆவது ஆள் வரும்போதுதான் அந்தக் கடைசிக் கதவும் மூடுகிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 43, 62 என்ற எண்களுக்கு ‘எல்லா மாதமும் சமம்’ என்ற அனுமானம் தேவைப்பட்டது. நிஜத்தில் அப்படி இல்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குச் சான்றிதழில் மே, ஜூன் என்றுதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் ஒரு கணக்குக்கு எழுதிய தேதி அது. உண்மைத் தேதி வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. இப்படி ஒரு பக்கம் குவிந்தால் அந்த வாய்ப்புக் கணக்கெல்லாம் மாறிவிடும், ஒத்துப்போகும் வாய்ப்பு கூடும். ஆனால் 13 என்ற எண் அசையாது. சான்றிதழ் மாதத்தை வைத்தாலும் சரி, உண்மை மாதத்தை வைத்தாலும் சரி, அதற்கு வேண்டியது இரண்டே இரண்டுதான். ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு மாதத்துக்குள் வர வேண்டும், ஒருவரை இரண்டு தடவை எண்ணக் கூடாது.

தமிழ் மாதங்களும் 12 என்பதால் அதற்கும் 13 பேர் போதும். ஆனால் கவனியுங்கள், ஜோடி மாறலாம். இப்போது ஜூன் என்று சொன்ன இருவரையும் தேதி கேட்கிறேன். ஐயா, உங்களுக்கு? ஜூன் 3. அம்மா, உங்களுக்கு? ஜூன் 20. பார்த்தீர்களா, ஐயா வைகாசி, அம்மா ஆனி. ஆங்கில மாதத்தில் ஜோடி, தமிழ் மாதத்தில் இல்லை. ஆனாலும் இந்த 13 பேருக்குள் தமிழ் மாதத்திலும் ஒரு ஜோடி எங்கோ உட்கார்ந்திருக்கிறது. அது யார் என்று இந்தத் தத்துவம் சொல்லாது. இருக்கிறது என்று மட்டும் சொல்லும். நட்சத்திரம் வேண்டுமென்றால் குழிகள் 27, ஆட்கள் 28.

(பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். “நான் ஆகஸ்ட் சார். எத்தனை பேர் இருந்தா இன்னொரு ஆகஸ்ட் கண்டிப்பா வரும்?”)

நல்ல கேள்வி தம்பி. பதில் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். அப்படி ஓர் எண்ணே கிடையாது. உன் கொட்டையை ஆகஸ்ட் குழியில் வைத்துவிடு. மற்றவர்கள் லட்சம் பேராக இருந்தாலும் மீதிப் பதினொரு குழிகளில் அடைத்துவிட முடியும். நிஜத்தில் அப்படி நடக்காதுதான், ஆனால் நடக்கவே முடியாது என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை. ‘யாரோ இருவர், ஏதோ ஒரு மாதம்’ என்றால்தான் உறுதி. ‘நான், என் மாதம்’ என்று சொன்ன உடனே அந்த உறுதி போய்விடும். இதைக் குழப்பிக்கொண்டுதான், “எங்க வகுப்புல நாற்பது பேர், ஒருத்தருக்கும் என் மாசம் இல்லையே” என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

இப்போது மூன்று பேர் ஒரே மாதம் என்று உறுதியாக வேண்டும். எத்தனை பேர்? யாரோ 24 என்றீர்கள். பல்லாங்குழியைப் பாருங்கள், குழிக்கு இரண்டு இரண்டாகப் போட்டால் 24 தீர்ந்துவிடும், மூன்று எங்கும் விழாது. 25-ஆவது கொட்டைதான் மாட்டிக்கொள்ளும். நாலு பேர் வேண்டுமா? குழிக்கு மூன்றாக 36 வரை தப்பிக்கலாம், 37-இல் முடியாது. எவ்வளவு தூரம் தப்பிக்க முடியும் என்று பார்த்து, அதற்கு மேல் ஒன்று.

அப்புறம் இந்த அரங்கத்துக்கு வருவோம். வாசலில் எண்ணிச் சொன்னார்கள், 150 பேர். 12-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. ஆளை அரையாக்க முடியாது. மாதத்துக்கு 12 பேர் வரைதான் என்றால் 144 பேருக்குத்தான் இடம், ஆறு பேர் வெளியே நிற்பார்கள். ஆகவே ஏதோ ஒரு மாதத்தில் குறைந்தது 13 பேர் இங்கே இருக்கிறார்கள். சரிபார்ப்போம். மாதத்தைச் சொல்லச் சொல்லக் கை தூக்குங்கள்.

(ஜனவரி முதல் டிசம்பர் வரை கைகள் எண்ணப்பட்டன. பிப்ரவரிக்கு 7 பேர். மே மாதத்துக்கு 19.)

மே மாதம் 19 பேர். 13 என்று சொன்னேன், அதைத் தாண்டியே வந்திருக்கிறது. ‘குறைந்தது’ என்பதற்கு அதுதான் அர்த்தம். இந்த 19 பேர் மட்டும் ஃபோனில் காலண்டரைத் திறந்து, பிறந்த தேதி என்ன கிழமை என்று பாருங்கள். கிழமைகள் ஏழு. கிழமைக்கு இரண்டு பேர் என்றால் 14 பேர்தான். ஆகவே உங்களில் குறைந்தது மூன்று பேர் ஒரே கிழமையில் பிறந்தவர்கள். பார்த்து முடித்தவர்கள் எழுந்து நில்லுங்கள். ஞாயிறு, உட்காருங்கள். திங்கள், உட்காருங்கள். செவ்வாய். புதன்...

(வியாழன் என்றதும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர், மேடையில் கொட்டை போட்ட அந்தப் பெண்ணின் அம்மா.)