இரவெல்லாம் சார்ஜில் கிடக்கும் போன்

நேயர்களுக்கு வணக்கம். மொபைல் சர்வீஸ் கற்றுக்கொடுப்பது என் வேலை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரருக்கு என் தொழில் தெரிந்ததும் ரசம் வருவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். "ராத்திரி சார்ஜ் போட்டுட்டு அப்படியே தூங்கிடறேன் சார். ஓவர்சார்ஜ் ஆகி பேட்டரி போயிடுமா?" நடுராத்திரி அலாரம் வைத்து எழுந்து ஒயரைப் பிடுங்கிவிட்டுப் படுப்பவர்களும் இருக்கிறார்கள். பாவம், தூக்கம் போனதுதான் மிச்சம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவர்சார்ஜ் ஆகாது. பேட்டரி நிறைந்ததும் போனே மின்சாரத்தை நிறுத்திக்கொள்கிறது. எப்படி நிறுத்துகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

சுவரில் செருகுகிறோமே ஒரு சின்னப் பெட்டி, பேட்டரி நிறைந்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கித் தருவதோடு அதன் வேலை சரி. ஃபாஸ்ட் சார்ஜ் போன் என்றால், போன் கேட்டால் 9 வோல்ட்டோ அதற்கு மேலோ கொடுக்கும். அப்போதும் கேட்பது போன்தான். எவ்வளவு எடுப்பது, எப்போது நிறுத்துவது என்ற முடிவெல்லாம் போனுக்குள் போர்டில் இருக்கிற ஒரு ஐசியின் கையில். நகக்கண் அளவுகூட இருக்காது. சார்ஜிங் ஐசி என்போம்.

வகுப்பில் இதை வாயால் சொன்னால் பையன்கள் நம்புவதில்லை. அதனால் ஒரு யூஎஸ்பி மீட்டரைக் கொடுத்துவிடுவேன். ஒயருக்கும் அடாப்டருக்கும் நடுவில் செருகுவது. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் போகிறது என்று காட்டும். விலையும் ஒன்றும் பெரிதில்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்ப்போம், வாருங்கள்.

போன் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர் அவர் என்று வைத்துக்கொள்வோம். அடாப்டர் சாதாரண 10 வாட். ராத்திரி பத்தரை மணி, பேட்டரி 20 சதவீதம். ஒயரைச் செருகியதும் மீட்டர் 2 ஆம்பியரை ஒட்டிக் காட்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். இந்தக் கட்டத்தில் ஐசி மின்னோட்டத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளும், பேட்டரியின் வோல்டேஜ் மட்டும் மெல்ல மெல்ல ஏறும்.

பன்னிரண்டு மணி வாக்கில் வோல்டேஜ் அதன் உச்சத்தைத் தொடும். பழைய போன்களில் அது 4.2 வோல்ட், இன்றைய பல போன்களில் 4.4 வோல்ட்டை ஒட்டி. கழற்றின பேட்டரி கையில் கிடைத்தால் ஸ்டிக்கரைப் பாருங்கள், 'லிமிட்டெட் சார்ஜ் வோல்டேஜ்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்கு மேலே ஐசி ஏறவே விடாது. அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்து வைத்தால் என்ன ஆகும்? மின்னோட்டம் தானாகக் குறைய ஆரம்பிக்கும். நெரிசலான டவுன் பஸ்ஸில் கடைசியாக ஏறுகிறவர்கள் ஒவ்வொருவராக இடம் தேடி நுழைவதைப் போல. மீட்டரில் ஒன்றரை, ஒன்று, அரை என்று இறங்கிக்கொண்டே வரும். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறுவது ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அலுத்துக்கொள்கிறீர்களே, காரணம் இதுதான்.

ஒரு மணி சுமாருக்கு, ஆரம்பத்தில் போனதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழேயோ ஆகிவிடும். உடனே ஐசி பேட்டரிக்குப் போகிற வழியை அடைத்துவிடும். குறைப்பதில்லை, நேயர்களே, அடைத்துவிடும். அதற்குப் பிறகு மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டிக் கிடக்கும். அவ்வப்போது கொஞ்சம் துள்ளும். அந்தத் துள்ளல் பேட்டரிக்குப் போவதில்லை. டவரோடும் வைஃபையோடும் பேச போனுக்கே வேண்டிய மின்சாரம், அடாப்டரிலிருந்து நேராகப் போகிறது. பேட்டரி சும்மா இருக்கிறது. பிறகு அதன் வோல்டேஜ் சுமார் 0.1 வோல்ட் இறங்கினால் மட்டும் வழி திறக்கும், கொஞ்சம் நிரப்பும், மறுபடி அடைத்துக்கொள்ளும். காலை ஆறு மணி வரைக்கும் இவ்வளவுதான் கதை.

'அந்த ஐசியே கெட்டுப்போனால்?' என்று எப்போதும் ஒரு பையன் கேட்பான். கேட்க வேண்டிய கேள்விதான். பேட்டரியின் தலைப்பக்கம் மஞ்சள் டேப்பைப் பிரித்தால், விரல் அகலத்துக்கு ஒரு குட்டி போர்டு தெரியும். இரண்டாவது காவல் அது. உச்ச வோல்டேஜுக்குச் சற்று மேலே போனால், போனை எதுவும் கேட்காமல் தானே துண்டித்துவிடும். இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. நிறைந்த லித்தியம் பேட்டரிக்குள் மேலும் திணித்தால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படியும், திரவம் சிதைந்து வாயு உண்டாகும். சின்ன மிகையைக்கூட இந்த வகை பேட்டரி தாங்காது. அதனால்தான் நிறைந்த பிறகு சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாடே இதில் கிடையாது.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாருங்கள். ஈய அமில பேட்டரி. சார்ஜ் மிஞ்சினால் கொதிக்கிற மாதிரி குமிழி விடும், தண்ணீர் வற்றும், டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றுகிறோம். அந்தக் காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு வந்த மலிவான சார்ஜர்களோ, நிறைந்ததா என்று பார்க்காமல் மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும், தொட்டால் சுடும். அப்பாவும் தாத்தாவும் 'கழட்டுடா' என்று அதட்டியது நியாயம்தான். லித்தியம் அயான் பேட்டரி 1991-இல் கடைக்கு வந்தது. பேட்டரி மாறிவிட்டது, அதட்டல் மட்டும் அப்படியே நிற்கிறது.

சரி, ராத்திரி சார்ஜில் ஒரு கெடுதலும் இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் வேறு பக்கத்திலிருந்து. நிறைந்த பேட்டரி நிறைந்தபடியே சூட்டில் கிடந்தால் சீக்கிரம் மூப்படையும். மிகைச் சார்ஜ் காரணமல்ல. உச்ச வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்திருப்பதுதான் காரணம். மே மாதத்து ராத்திரி, ரப்பர் கவர், அதற்கு மேல் தலையணை என்று வைத்துவிட்டால் என்ன செய்ய? பேட்டரியில் வெப்பத்தைப் பார்க்கிற தெர்மிஸ்டர் இருக்கிறது. 45 டிகிரியை நெருங்கினால் பொதுவாக ஐசி சார்ஜிங்கைக் குறைக்கும், தாண்டினால் நிறுத்தும். ஆனால் சூட்டை அதனால் வெளியேற்ற முடியாது. தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வையுங்கள், கவரைக் கழற்றுங்கள். ராத்திரி சார்ஜ் பற்றி நான் கொடுக்கிற கண்டிப்பு இது ஒன்றுதான்.

இதற்கென்றே ஒரு வசதி 2019-இல் ஐபோனில் வந்தது, இப்போது பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இருக்கிறது: நீங்கள் எழுகிற நேரத்தைக் கற்றுக்கொண்டு, ராத்திரி 80 சதவீதத்தோடு நின்று, விடியற்காலையில் மீதியை ஏற்றும். செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் தேடுங்கள், இருந்தால் போட்டு விடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார், நேரம் நெருங்கிவிட்டதாம். போலி பேட்டரி பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலிவு பேட்டரிகள் சிலவற்றில் அந்தக் குட்டி போர்டு தரமில்லாமல் இருக்கும், தெர்மிஸ்டருக்குப் பதில், சூடு ஏறினாலும் அதைக் காட்டாத வெறும் ரெசிஸ்டர் இருக்கும். போன் எப்போதும் குளிர்ச்சியாக இருப்பதாக ஐசி ஏமாந்துபோகும். பின்மூடி தூக்கிக்கொண்டாலோ, ஸ்கிரீன் ஓரம் விலகினாலோ பேட்டரி ஊதிவிட்டது என்று அர்த்தம். அதை அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். போனை அணைத்து நல்ல சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். வணக்கம்.