ரோசெட்டா கல் திறந்துவிட்ட மொழி

வணக்கம் நேயர்களே.

1799-ஆம் ஆண்டு ஜூலை மாதம். நெப்போலியனின் படை எகிப்தில் இருக்கிறது. நைல் நதி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ரஷீத் என்று ஓர் ஊர். ஐரோப்பியர் அதை ரோசெட்டா என்பார்கள். அங்கே ஒரு பழைய கோட்டையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது, எழுத்து வெட்டிய கரிய பலகைக்கல் ஒன்று கிடைத்தது. கோட்டை கட்டியவர்கள் எங்கிருந்தோ பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த கல். வேலையை மேற்பார்த்த புஷார் என்ற அதிகாரி அதன் மதிப்பை உணர்ந்து எடுத்து வைக்கச் சொன்னார். உயரம் நான்கு அடிக்குச் சற்றுக் குறைவு, எடை சுமார் 760 கிலோ.

மேலே சித்திர எழுத்து, அதாவது ஹைரோகிளிஃப். நடுவில் டெமோட்டிக் என்கிற, எகிப்தியர் அன்றாடம் எழுதிய வேகமான கையெழுத்து. கீழே கிரேக்கம். மூன்று மொழிக் கல் என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் மொழி இரண்டுதான். மேலே உள்ள இரண்டும் எகிப்திய மொழியின் இரு எழுத்து முறைகள்.

கிரேக்கத்தைப் படிக்க ஆள் இருந்தார்கள். கி.மு. 196-இல் மெம்ஃபிஸ் நகரில் கூடிய கோயில் குருமார்கள், ஐந்தாம் தாலமி என்ற இளம் அரசனுக்குச் செய்த மரியாதைகளைப் பற்றிய தீர்மானம் அது. வரியைக் குறைத்தான், கோயில்களுக்குக் கொடுத்தான், ஆகவே சிலை வைப்போம், பிறந்தநாளைக் கொண்டாடுவோம் என்று போகிறது. விஷயம் என்னவோ சாதாரண அரசாங்க ஆணைதான். ஆனால் கடைசி வாக்கியத்தில், இந்தத் தீர்மானத்தைக் கடினமான கல்லில் புனித எழுத்திலும் நாட்டு எழுத்திலும் கிரேக்க எழுத்திலும் வெட்டிக் கோயில்களில் நிறுத்த வேண்டும் என்று இருக்கிறது. மூன்றும் ஒரே செய்தி என்று கல்லே சொல்லிவிட்டது.

அப்படியானால் ஒப்பிட்டுப் படித்துவிட வேண்டியதுதானே? இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. முதல் காரணம், கல் உடைந்தது. அதுவும் மேல் பகுதிதான் அதிகம் போயிருக்கிறது. சித்திர எழுத்தில் 14 வரிகள்தான் மிஞ்சின. அவற்றில் ஒன்றுகூட முழுசாக இல்லை. எந்தக் குறிக்கு எந்தக் கிரேக்கச் சொல் என்று நேராகக் கோடு போட முடியாது. இரண்டாவது காரணம் கல்லில் இல்லை, படித்தவர்கள் மனதில் இருந்தது. சித்திர எழுத்தை வெட்டத் தெரிந்த கடைசித் தலைமுறை கி.பி. நான்காம் நூற்றாண்டோடு முடிந்துபோனது. அதன்பின் வந்த அறிஞர்கள், ஒவ்வொரு படமும் ஓர் ஆழ்ந்த தத்துவத்தின் சின்னம் என்றே நம்பினார்கள். பறவையைப் பார்த்தால் ஆன்மா, பாம்பைப் பார்த்தால் காலம் என்று பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியவர்கள் உண்டு. பறவை ஓர் ஒலியாகவும் இருக்கலாம் என்று யாருக்கும் எளிதில் தோன்றவில்லை.

சரி, பூட்டு எங்கே திறந்தது? பெயரில். அரசர் பெயரைச் சுற்றி எகிப்தியர் நீள்வட்டமாக ஒரு கோடு போடுவார்கள். தாமஸ் யங் என்ற ஆங்கிலேய மருத்துவர், ரோசெட்டா கல்லில் அந்த வட்டத்துக்குள் இருப்பது தாலமியின் பெயர்தான் என்று பிடித்து, சில குறிகளுக்குச் சரியான ஒலியும் கொடுத்தார். வெளிநாட்டுப் பெயர் என்பதால்தான் இங்கே ஒலியாக எழுதியிருக்கிறார்கள், மற்றதெல்லாம் கருத்துப் படங்கள் என்று அவர் நினைத்தார். அங்கேயே நின்றுவிட்டார். யங் செய்ததைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. டெமோட்டிக் எழுத்துக்கும் சித்திர எழுத்துக்கும் உறவு உண்டு என்று காட்டியவரும் அவர்தான்.

பிரெஞ்சுக்காரர் ஷாம்போலியனும் வெகுகாலம் அதே எண்ணத்தில்தான் இருந்தார். 1821 கடைசியில் அவர் ஒரு கணக்குப் போட்டார். கல்லில் கிரேக்கச் சொற்கள் 486. உடைந்ததுபோக மிஞ்சிய சித்திரக் குறிகள் மட்டும் 1,419. ஒரு படம் ஒரு சொல் என்றால் இது எப்படி ஒத்துவரும்?

ஆனால் கல்லில் மிஞ்சிய வட்டங்களில் இருந்தது ஒரே ஒரு பெயர், தாலமி. ஒரு பெயரை வைத்து எந்த ஊகத்தையும் சரிபார்க்க முடியாது. இரண்டாவது பெயர் வேறொரு கல்லிலிருந்து வந்தது. ஃபிலே தீவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஒரு தூண். அதன் பீடத்தில் கிரேக்கத்தில் தாலமி, கிளியோபாட்ரா என்று இருந்தது. தூணில் இரண்டு வட்டங்கள். அதன் அச்சுப்படி 1822 தொடக்கத்தில் ஷாம்போலியன் கைக்கு வந்தது.

இப்போது பாருங்கள். தாலமி என்ற பெயரைக் கிரேக்க ஒலியில் 'ப்தோல்மிஸ்' என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் குறி ஒரு சதுரம், அது 'ப'. மூன்றாவது ஒரு கயிற்றுச் சுருக்கு, அது 'ஓ'. நான்காவது படுத்திருக்கும் சிங்கம், அது 'ல'. இது சரியென்றால், கிளியோபாட்ராவில் சிங்கம் இரண்டாவது இடத்தில் வர வேண்டும். வந்தது. சுருக்கு நான்காவதில், சதுரம் ஐந்தாவதில் வர வேண்டும். வந்தன. 'ஆ' இருக்க வேண்டிய ஆறாவது இடத்திலும் ஒன்பதாவது இடத்திலும் ஒரே கழுகு உட்கார்ந்திருந்தது. ஓரிடத்தில்தான் இடித்தது: தாலமியில் 'த'வுக்கு ரொட்டித் துண்டு போன்ற அரைவட்டம், கிளியோபாட்ராவில் ஒரு கை. ஒரே ஒலிக்கு இரண்டு குறி இருக்கலாம் என்று ஷாம்போலியன் ஏற்றுக்கொண்டார். அது சரியாகவும் இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் இவை கிரேக்கப் பெயர்கள்தானே என்ற கேள்வி பாக்கி. கிரேக்கர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய எகிப்திய மன்னன் பெயரையும் இப்படித்தான் எழுதினார்களா? 1822 செப்டம்பரில் அபு சிம்பல் கோயிலிலிருந்து வரைந்து கொண்டுவந்த படங்கள் அவரிடம் வந்தன. ஒரு வட்டத்தில் சூரியன், அப்புறம் தெரியாத ஒரு குறி, கடைசியில் இரண்டு முறை 'ஸ'.

இங்கேதான் காப்டிக் கைகொடுத்தது. எகிப்தியக் கிறித்தவர்கள் தங்கள் தேவாலயத்தில் ஓதிவந்த மொழி அது. கிரேக்க எழுத்தில் எழுதினாலும், பேச்சு பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவம். ஷாம்போலியன் அதைச் சிறு வயதிலிருந்தே வெறியோடு படித்தவர். காப்டிக்கில் சூரியன் 'ரே'. ரே, பிறகு ஏதோ ஒன்று, பிறகு ஸ, ஸ. ராமேசஸ்!

அந்தத் தெரியாத குறிக்குச் சாட்சி வேண்டுமே. அதை ரோசெட்டா கல் கொடுத்தது. அதே குறியும் 'ஸ'வும் சேர்ந்த கூட்டு, கிரேக்கத்தில் அரசனின் பிறந்தநாள் என்று இருக்கும் இடத்துக்கு நேரே கல்லில் இருந்தது. காப்டிக்கில் 'மிஸே' என்றால் பெற்றெடுத்தல். ராமேசஸ் என்றால் சூரியன் பெற்றெடுத்தவன். ஆக, ஒரே பெயருக்குள் படம் பொருளாகவும் நிற்கிறது, ஒலியாகவும் நிற்கிறது. இந்தக் கலப்புதான் அந்த எழுத்தின் இயல்பு. இதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை.

முதல் அறிவிப்பை 1822 செப்டம்பர் 27 அன்று பாரிஸில் வெளியிட்டார். முழு முறையையும் 1824-இல் நூலாக்கினார். நம்பாதவர்கள் நிறையவே இருந்தார்கள். 1832-இல், 41 வயதில் அவர் இறந்துபோனார்; சண்டை ஓயவில்லை. 1866-இல் தானிஸ் என்ற இடத்தில் இதேபோல் இருமொழித் தீர்மானக் கல் இன்னொன்று, ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தது. ஜெர்மானியர் லெப்சியஸ், ஷாம்போலியன் வகுத்த வழியில் அதன் சித்திர எழுத்துப் பகுதியைப் படித்தார். கீழே இருந்த கிரேக்கத்தோடு அது பொருந்தியது.

நன்றி, வணக்கம்.