நாடி 34: மெஷின் கெட்டுப்போகவில்லை

வணக்கம். காரைக்குடிப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறவன் நான். வயதானவர்களுக்குத் திடீரென்று தலை சுற்றி, நாடியும் ரொம்ப மெதுவாக அடித்தால் என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தீர்கள். ஓர் ஆச்சியின் கதையைச் சொல்கிறேன், அதிலேயே பாதி விளங்கிவிடும்.

ஆச்சிக்கு வயது 74. பல வருஷமாகப் பிரஷருக்கு இரண்டு மாத்திரை, அட்டெனலால் ஒன்று, டெல்மிசார்டன் ஒன்று. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்ததிலிருந்து இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. சாப்பாடு இறங்கவில்லை, சிறுநீரும் சரியாகப் போகவில்லை, ஆனால் மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடவில்லை. தெம்புக்கு இளநீர் இளநீராக வெட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் வளவில் எழுந்து நின்றவர் கண் இருட்டி, தூணைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். "ஆத்தாவுக்குப் பித்தம்" என்று மகன் சுக்குத்தண்ணி போடச் சொன்னார். பேரன் பிரஷர் மெஷினைக் கட்டிப் பார்த்தான், நாடி 34 என்று காட்டியது. மெஷின் கெட்டுப்போச்சு என்று பேட்டரியை மாற்றினார்கள், மறுபடியும் 34. அப்படியே முக்கால் மணி நேரம் போய்விட்டது.

இந்த மாதிரி நேரத்தில் மெஷினைச் சந்தேகப்படாமல் கையைப் பிடியுங்கள். மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து முழுசாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், துடிப்பு விட்டுவிட்டு வரும்போது கணக்குத் தப்பிவிடும். அட்டெனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு 55 இருந்து, அவர் நன்றாக நடமாடினால் பயமில்லை. ஆனால் 40-க்குக் கீழே இருந்து தலையும் சுற்றினால், அல்லது எண் கொஞ்சம் கூட இருந்தாலும் மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, பேச்சில் குழப்பம் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால், உடனே 108. வரும்வரை தட்டையாகப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தால் ஒருக்களித்து. எழுந்து நடக்க விடாதீர்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், அன்றைய மாத்திரையும் வேண்டாம்.

ஆச்சிக்கு உள்ளே நடந்தது இதுதான். வயிற்றுப்போக்கில் உடம்பின் நீர் வற்றி, சிறுநீரகம் சுணங்கியது. அட்டெனலால் இதயத்தை மெதுவாக்கும் மருந்து, அது வெளியேறுவதே சிறுநீரகம் வழியாகத்தான். அந்த வழி அடைபட்டதும் ரத்தத்தில் சேர ஆரம்பித்தது. டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும், இளநீரிலோ பொட்டாசியம் நிறைய. பொட்டாசியமும் அட்டெனலாலும் சேர்ந்து இதயத்தை இழுத்துப் பிடித்தன, நாடி விழுந்தது, பிரஷர் விழுந்தது, சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் இன்னும் குறைந்தது, அதனால் இரண்டும் இன்னும் ஏறின. தானாக நிற்காத சுற்று இது. அதனால்தான் "கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும்" என்று விடக்கூடாது என்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ஈசிஜியில் இதயத்தின் மேலறைத் துடிப்பே தெரியவில்லை, பொட்டாசியம் 6.8, அது 3.5-லிருந்து 5-க்குள் நிற்க வேண்டியது. வழக்கமாகப் போடும் அட்ரோபின் ஊசிக்கு நாடி அசையவில்லை. கால்சியம் ஊசி, குளுக்கோஸோடு இன்சுலின், நாடியைத் தூக்க அட்ரினலின் சொட்டு, கூடவே சலைன் என்று போகப் போகச் சாயங்காலத்துக்குள் நாடி 50-ஐத் தாண்டியது. பேஸ்மேக்கர் தேவைப்படவில்லை.

ஆனால் எல்லாருக்கும் இப்படி முடியாது. இதே தலைசுற்றல், இதே 34, மாத்திரையே சாப்பிடாத ஒருவருக்கு வந்தால் இதயத்துக்குள் மின்சாரம் போகிற பாதையே தேய்ந்து அறுந்திருக்கலாம், முழு அடைப்பு என்போம், அதற்குப் பெரும்பாலும் பேஸ்மேக்கர்தான் வழி. இல்லாவிட்டால் இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை உள்ள வயதானவர்களுக்கு அதில் நெஞ்சு வலியே இல்லாமல் தலைசுற்றலும் வியர்வையுமாகவே வருவதுண்டு. வீட்டில் உட்கார்ந்து எது எது என்று பிரிக்க முடியாது, ஈசிஜி எடுத்தால்தான் தெரியும். அதனால் பெரிய ஆஸ்பத்திரி மதுரையில் இருக்கிறதே என்று நேராகக் கிளம்பாதீர்கள், முதல் ஈசிஜி பக்கத்திலேயே எடுக்கட்டும். வழியில் நாடி நின்றால் காருக்குள் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போன் செய்து, எந்த மாத்திரையை நிறுத்தி வைக்கலாம் என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், அட்டெனலாலைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலிக்காரர்களுக்கு அது வேறு ஆபத்து.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கண் பிரஷருக்கு விடுகிற சொட்டு மருந்தையும் சேர்த்துத்தான். டிமோலால் என்று அதில் எழுதியிருந்தால் அதுவும் அட்டெனலாலின் இனம்தான், கண்ணில் விட்டது ரத்தத்தில் கலந்து நாடியைக் குறைக்கும். மாத்திரை என்ன சாப்பிடுகிறார் என்று நாங்கள் கேட்கும்போது அந்தச் சின்னக் குப்பி யாருக்குமே ஞாபகம் வருவதில்லை.