முதல் ஞாயிறு, முடிச்சைப் பார்!

(கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு குடியிருப்புக் காலனியில் கன்று நடும் நாளன்று பேசியதன் எழுத்து வடிவம்)

காலனிப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பேனருக்கு ஒரு வாசகம் கேட்டார்கள். மரம் நடுவோம், மழை பெறுவோம் என்பதெல்லாம் ஏற்கெனவே எல்லாச் சுவரிலும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாரும் எழுந்துபோய் ஒரு வேலை செய்ததாக எனக்குத் தெரியவில்லை. அதனால் மாதம் ஒரு வேலையைச் சொல்கிற வாசகமாகத் தந்தேன்: "முதல் ஞாயிறு, முடிச்சைப் பார்!"

எந்த முடிச்சு? கன்றைக் கம்போடு சேர்த்துக் கட்டுகிறோமே, அதுதான். நம் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கிற காற்று, மார்கழி, தையில் கிழக்கே இருந்து அடிக்கும். ஒரு பக்கம் மட்டும் கம்பு ஊன்றினால் பாதி வருடம் கன்று கம்பின் மேலேயே சாய்ந்து உரசிக்கொண்டிருக்கும். எனவே கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, இரண்டு கம்பு வேண்டும்.

சரி, கட்டியாயிற்று. அப்புறம்தான் சிக்கல். போன தடவை பார்க் மூலையில் நட்ட புங்கங்கன்று நினைவிருக்கிறதா? நைலான் கயிற்றால் இறுக்கியிருந்தோம். தண்டு பருத்தது, கயிறு பருக்குமா? இலை பச்சையாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறும், அது தடைபடவில்லை. இலை செய்யும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும், அதைக் கயிறு நெரித்துவிட்டது. முடிச்சுக்கு மேலே தண்டு வீங்கியிருந்தது, கீழே ஒல்லியாகவே நின்றது. ஆடிக் காற்றில் சரியாக அந்த இடத்தில் முறிந்தது. கன்று காய்ந்தால்தான் கவனிக்க வேண்டும் என்று இருந்தால், இந்த நோயைப் பிடிக்கவே முடியாது.

ஆகவே முதல் ஞாயிறு செய்யவேண்டியது இவ்வளவுதான். கட்டுக்கும் தண்டுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் அவிழ்த்து, சற்று மேலோ கீழோ தள்ளித் தளர்வாகக் கட்டுங்கள். நைலான், கம்பி வேண்டவே வேண்டாம். பழைய பருத்திச் சேலையை அகலமாகக் கிழித்து, தண்டையும் கம்பையும் சுற்றி 8 போட்டுக் கட்டினால் இரண்டும் உரசாது. கட்டு உச்சிக்குப் போகக்கூடாது, பாதி உயரத்துக்குக் கீழேயே இருக்கட்டும். மேல்பகுதி கொஞ்சம் ஆடினால்தான் அடித்தண்டு தடிக்கும். ஆடாமல் கட்டி வளர்த்த கன்று, அவிழ்த்ததும் துவண்டு விழும்.

எவ்வளவு காலம் இந்த வேலை என்று செயலாளர் கேட்கிறார். பெரும்பாலும் ஒரு வருடம்தான். அதன்பின் ஒரு முதல் ஞாயிறு கட்டை முழுதும் அவிழ்த்து, தண்டை லேசாக வளைத்து விடுங்கள். தானாக நிமிர்ந்து, அடிமண்ணும் அசையாமல் இருந்தால் கம்பைப் பிடுங்கிவிடலாம். மண் விரிந்தால் வேர் இன்னும் பிடிக்கவில்லை. மறுபடி கட்டுங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம்.